ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் ஏஐ படத்தின் ரகசிய முத்திரை அழிந்துவிடுமா?

2025 செப்டம்பரில் இன்ஸ்டாகிராமைத் திறந்தாலே ரெட்ரோ புடவை படங்கள்தான். கூகுளின் ஜெமினி செயலியில் தங்கள் புகைப்படத்தைக் கொடுத்து, 'நானோ பனானா' என்ற செல்லப்பெயர் கொண்ட மாடலை வைத்து, பழைய சினிமா போஸ்டர் பாணியில் படம் எடுத்துத் தள்ளினார்கள். அந்தப் படங்களின் மூலையில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருந்தது. கொஞ்சம் ஓரத்தை வெட்டினால் அது போய்விடும். பலரும் வெட்டினார்கள்.

ஆனால் அதே படங்களில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு முத்திரையும் இருந்தது. 'சின்த்ஐடி' என்று பெயர். கூகுள் டீப்மைண்ட் 2023 ஆகஸ்டில் அறிமுகப்படுத்திய இந்த வாட்டர்மார்க், படத்தின் மூலையில் இல்லை. படம் முழுக்க, ஒவ்வொரு புள்ளியிலும் கரைந்து கிடக்கிறது. 2025 நவம்பர் முதல், சந்தேகப்படும் படத்தை ஜெமினி செயலியிலேயே பதிவேற்றி "இது கூகுள் ஏஐ உருவாக்கியதா?" என்று கேட்டால் இந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறது.

இங்கேதான் எல்லோருக்கும் வரும் கேள்வி: "சரி, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டா போச்சு இல்லையா?"

போகலாம், போகாமலும் இருக்கலாம். எது நடக்கும் என்பது அதிர்ஷ்டம் இல்லை, கணக்கு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏஐ படங்களில் இரண்டு வகை அடையாளங்கள் இருக்கின்றன. ஒன்று மெட்டாடேட்டா. 'சி2பிஏ' என்ற தரநிலையின்படி, இந்தப் படத்தை எந்தக் கருவி, எப்போது உருவாக்கியது என்ற விவரம் கோப்போடு சேர்த்து ஒட்டப்படுகிறது. ஓபன்ஏஐ தனது டால்-ஈ 3 படங்களில் 2024 பிப்ரவரியில் இதைச் சேர்த்தது. இது பார்சல் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டு மாதிரி. ஸ்கிரீன்ஷாட் என்பது புதிய பார்சல். பழைய சீட்டு அதில் வராது. பல சமூக வலைதளங்கள் பதிவேற்றும்போதே அந்தச் சீட்டைக் கிழித்துவிடுகின்றன. எனவே மெட்டாடேட்டாவைப் பொறுத்தவரை பதில் எளிது: ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அது காலி.

இரண்டாவது வகைதான் புள்ளிகளுக்குள்ளேயே இருக்கும் வாட்டர்மார்க். இது சீட்டு இல்லை. துணியில் நெய்த இழை. அதனால்தான் விஷயம் சிக்கலாகிறது.

கண்ணுக்குத் தெரியாததைக் கணக்கு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சின்த்ஐடி போன்றவை நரம்பியல் வலையமைப்புகளால் இயங்குபவை. அவற்றின் உள் ரகசியங்களை நிறுவனங்கள் முழுதாக வெளியிடுவதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் தத்துவம் பழையது. அதை மிக எளிய வடிவத்தில் பார்த்தால் போதும்.

1024-க்கு 1024 அளவுள்ள படத்தில் 10,48,576 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். இப்போது ஒரு ரகசியப் பட்டியல் தயாரிக்கிறோம்: ஒவ்வொரு புள்ளிக்கும் பூவா தலையா போட்டுப் பார்த்து, பூ என்றால் +1, தலை என்றால் -1. இந்தப் பட்டியல்தான் சாவி. படத்தின் ஒவ்வொரு புள்ளியோடும் அந்த +1 அல்லது -1ஐக் கூட்டிவிடுகிறோம். 140 ஆக இருந்த வெளிச்சம் 141 ஆகிறது, பக்கத்தில் இருப்பது 139 ஆகிறது. எந்தக் கண்ணாலும் இதைப் பார்க்க முடியாது.

கண்டுபிடிப்பவர் என்ன செய்கிறார்? படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் (சராசரி வெளிச்சத்தைக் கழித்துவிட்டு) சாவியில் அதற்குரிய +1, -1ஆல் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டுகிறார். வாட்டர்மார்க் இருந்தால், ஒவ்வொரு புள்ளியும் தன் பங்குக்குச் சரியாக ஒன்றைக் கூட்டும். +1ஐ +1ஆல் பெருக்கினாலும் 1, -1ஐ -1ஆல் பெருக்கினாலும் 1. ஆக மொத்தம் சுமார் 10.5 லட்சம்.

அப்படியானால் படத்தின் சொந்த வெளிச்ச ஏற்ற இறக்கம்? அது முத்திரையைவிட ரொம்பப் பெரிது. சராசரியாக 50 என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்கும் நம் சாவிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சில இடத்தில் கூடும், சில இடத்தில் குறையும், பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இப்படி அடித்துக்கொண்டபின் மிஞ்சுவது, புள்ளிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவில்தான் வளரும் என்பது புள்ளியியலின் அடிப்படை விதி. 10,48,576-இன் வர்க்கமூலம் 1,024. அதை 50ஆல் பெருக்கினால் 51,200.

ஒரு பக்கம் 10.5 லட்சம், மறுபக்கம் 51 ஆயிரம். சத்தத்தைவிட முத்திரை 20 மடங்கு பெரிது. தனித்தனியாக ஒன்றுமே இல்லாத முணுமுணுப்பு, பத்து லட்சம் பேர் ஒரே சொல்லைச் சேர்ந்து முணுமுணுப்பதால் கேட்டுவிடுகிறது. 'புள்ளியியல் வாட்டர்மார்க்' என்று சொல்வது இதனால்தான்.

இப்போது அதே படத்தில் கால்வாசியை மட்டும் வெட்டி எடுத்தால்? 2,62,144 புள்ளிகள். முத்திரையின் கூட்டுத்தொகை 2.62 லட்சம், சத்தம் 512 பெருக்கல் 50, அதாவது 25,600. விகிதம் 20-லிருந்து 10 ஆகக் குறைகிறது. இன்னும் தாராளமாகத் தெரியும். முகத்தை மட்டும் 100-க்கு 100 அளவில் வெட்டினால்? முத்திரை 10,000, சத்தம் 5,000. விகிதம் வெறும் 2. இது தற்செயலாகவும் வரக்கூடிய எண். இதை வைத்து யாரையும் குற்றம்சாட்ட முடியாது.

ஆக, வெட்டுவதால் முத்திரை சட்டென்று அழிவதில்லை. படிப்படியாக மெலிகிறது. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. கண்டுபிடிப்பவருக்கு எந்தப் புள்ளி சாவியின் எந்த எண்ணுக்கு உரியது என்று தெரிந்திருக்க வேண்டும். படம் ஒரே ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்ந்துவிட்டால்கூட, ஒவ்வொரு புள்ளியும் தவறான எண்ணால் பெருக்கப்படும். முத்திரை முழுதாகப் படத்தில் இருந்தும், கூட்டுத்தொகை கிட்டத்தட்ட பூஜ்யம்!

ஸ்கிரீன்ஷாட் அடிக்கும் இடம் இதுதான்.

ஸ்கிரீன்ஷாட் உண்மையில் என்ன செய்கிறது?

ஸ்கிரீன்ஷாட் என்றால் திரையை கேமராவில் படம் பிடிப்பது போல என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. திரையில் காட்டுவதற்காக போன் தயாரித்து வைத்திருக்கும் புள்ளிகளை அப்படியே ஒரு கோப்பாக நகலெடுக்கிறது. எனவே நகலெடுப்பதில் பெரிய சேதம் இல்லை. சேதம் அதற்கு முன்பே, படத்தைத் திரைக்கு ஏற்றபடி பொருத்தும்போது நடந்துவிடுகிறது.

512 அகலமுள்ள ஒரு படத்தை 1080 அகலத் திரையில் முழு அகலத்துக்குக் காட்டினால், போன் அதை 2.1 மடங்கு இழுக்கிறது. பழைய புள்ளிகளுக்கு நடுவே புதிய புள்ளிகளை அக்கம்பக்கத்துச் சராசரியை வைத்துக் கற்பனை செய்து நிரப்புகிறது. மேலே பேட்டரி, நேரம், கீழே பட்டன்கள் சேர்வதால் படம் தொடங்கும் இடமும் மாறுகிறது. அப்புறம் பயனர் கையால் ஓரங்களை வெட்டுகிறார். வெட்டியதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அது அளவைக் குறைத்து ஜேபெக் சுருக்கத்துக்கு உட்படுத்துகிறது. ஜேபெக் முதலில் தூக்கி எறிவது கண்ணுக்குத் தெரியாத நுண்விவரங்களை. வாட்டர்மார்க்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்விவரம்தானே!

இதற்கு நல்ல உதாரணம், 2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன். அதன் முதல் வெளியீட்டில் படம் உருவாக்கும் நிரல், ஒவ்வொரு படத்திலும் `StableDiffusionV1` என்ற 17 எழுத்துகளை, அதாவது 136 பிட்களை, ஒளித்துவைத்தது. படத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் அலைவரிசை எண்ணை லேசாக மாற்றி பிட்களை எழுதும் முறை அது. ஒரு கட்டம் மூலப் படத்தில் 8-க்கு 8 புள்ளிகளுக்குச் சமம். படம் 2.1 மடங்கு இழுக்கப்பட்டால் அந்தக் கட்டம் ஏறக்குறைய 17 புள்ளிகளாகிவிடும். வாசிப்பான் இன்னமும் 8 புள்ளிக் கட்டங்களாகத்தான் வெட்டி வாசிக்கும். வருவது குப்பை. அந்த வாட்டர்மார்க் நூலகத்தை எழுதியவர்களே, இது சத்தத்தையும் ஜேபெக் சுருக்கத்தையும் தாங்கும், ஆனால் அளவு மாற்றத்தைத் தாங்காது என்று குறிப்பில் சொல்லியிருக்கிறார்கள். சாதாரண ஸ்கிரீன்ஷாட்டே அதற்குப் போதும்.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. நிரல் திறந்த மூலம் என்பதால் அந்த ஒற்றை வரியை அழித்துவிட்டாலே முத்திரை விழாது:

```
img = put_watermark(img, wm_encoder)
```

'41 பொருந்தினால்தான் ஒப்புக்கொள்வேன்'

இந்த இரண்டு பிரச்சினைகளுக்கும் சேர்த்து 2023இல் மெட்டாவின் ஆய்வாளர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். பெயர் 'ஸ்டேபிள் சிக்னேச்சர்'. படம் உருவான பிறகு முத்திரை குத்தாமல், படத்தை உருவாக்கும் மாடலின் கடைசிப் பகுதியையே முத்திரையோடு சேர்த்துப் பழக்கிவிடுவது அந்த யோசனை. அழிப்பதற்குத் தனி வரி எதுவும் இருக்காது.

வாசிப்பானும் ஒரு நரம்பியல் வலையமைப்பு. பயிற்சியின்போதே நடுவில் படத்தை வெட்டி, அளவை மாற்றி, ஜேபெக்கில் சுருக்கிக் கொடுத்து, "இப்போது வாசி" என்று பழக்குகிறார்கள். லட்சக்கணக்கான முறை அடி வாங்கிய பிறகு, அது புள்ளி புள்ளியான நுண்சத்தத்தை நம்புவதை விட்டுவிடுகிறது. ஓரளவு நகர்ந்தாலும் இழுபட்டாலும் தாங்கக்கூடிய சற்றே பெரிய அமைப்புகளில் தகவலை வைக்கவும் தேடவும் கற்றுக்கொள்கிறது. படத்தின் 10 சதவீதப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தாலும் 90 சதவீதத்துக்கு மேல் கண்டுபிடிக்க முடிகிறது என்பது அந்த ஆய்வின் முடிவு. அதுவும் முத்திரை இல்லாத படத்தைத் தவறாகப் பிடிப்பது பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே இருக்கும்படி வைத்துக்கொண்டு.

அந்த 'பத்து லட்சத்தில் ஒன்று' எங்கிருந்து வருகிறது? ஸ்டேபிள் சிக்னேச்சரின் முத்திரை 48 பிட்கள். முத்திரையே இல்லாத உங்கள் வீட்டு விசேஷப் படத்தைக் கொடுத்தாலும், வாசிப்பான் 48 பிட்களை வாசித்துத்தான் காட்டும். ஆனால் அவை பூவா தலையா மாதிரி. சராசரியாக 24 தற்செயலாகப் பொருந்தும். 48க்கு 41 அல்லது அதற்கு மேல் தற்செயலாகப் பொருந்த வாய்ப்பு சுமார் 32 லட்சத்தில் ஒன்று. எனவே 41ஐக் கோடாக வைத்தால், அதற்கு மேல் வந்ததை நம்பலாம்.

இப்போது ஒரு படத்தின் பயணத்தைக் கற்பனையாகப் பின்தொடரலாம். மூலக் கோப்பில் 48க்கு 48 பொருந்துகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஓரம் வெட்டிய பிறகு 44. இன்னும் கோட்டுக்கு மேலேதான், 'முத்திரை உள்ளது'. அதை வாட்ஸ்அப்பில் வாங்கிய ஒருவர் மறுபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முகத்தை மட்டும் வெட்டி, மேலே சிவப்பு எழுத்தில் தலைப்பு போட்டு அனுப்புகிறார். இப்போது 37. கருவியின் பதில்: 'முத்திரை கண்டறியப்படவில்லை'.

37 என்பதும் சும்மா வந்துவிடும் எண் இல்லை. தற்செயலாக 37 அல்லது அதற்கு மேல் வர வாய்ப்பு சுமார் 9,000இல் ஒன்றுதான். அப்படியென்றால் கோட்டை 37க்கு இறக்கினால் என்ன? ஒரு நாளில் பத்து லட்சம் உண்மையான புகைப்படங்களைச் சோதிக்கும் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோடு 41இல் இருந்தால் மூன்று நாளைக்கு ஒரு தவறான குற்றச்சாட்டு. 37இல் இருந்தால் தினமும் 110 பேரின் உண்மைப் படம் 'ஏஐ போலி' என்று முத்திரை குத்தப்படும். எந்த நிறுவனமும் இதற்குத் துணியாது. அதனால் கோடு உயரத்திலேயே இருக்கும். அடிபட்ட ஏஐ படங்கள் அதன் கீழே நழுவிப் போகும்.

நடைமுறையில் பிட்கள் நாணயம் போல அவ்வளவு சுத்தமாக நடந்துகொள்ளாது. அதனால் ஏராளமான உண்மைப் படங்களை ஓட்டிப் பார்த்துத்தான் கோட்டைச் சரிசெய்வார்கள். சின்த்ஐடியும் தொடக்கத்தில் 'ஆம், இல்லை' என்று சொல்லாமல் மூன்று நிலை நம்பகத்தன்மையாகத்தான் முடிவைக் காட்டியது. வண்ண ஃபில்டர், சுருக்கம் ஆகியவற்றைத் தாங்கும் என்று சொன்ன கூகுள், கடுமையான மாற்றங்களுக்கு எதிராக இது முழுப் பாதுகாப்பு அல்ல என்பதையும் அறிமுக நாளிலேயே சொன்னது.

திரையை இன்னொரு போனில் படம் பிடித்தால்? அது ஸ்கிரீன்ஷாட்டைவிட மோசம். சாய்வு, கண்ணாடிப் பிரதிபலிப்பு, திரைக் கோடுகளின் அலை எல்லாம் சேரும். இதையும் தாங்கும் வாட்டர்மார்க் சாத்தியம்தான். பெர்க்லி ஆய்வாளர்களின் 'ஸ்டெகாஸ்டாம்ப்', படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு போனில் படம் பிடித்தாலும் 56 பிட் தகவலை மீட்டெடுக்கிறது. ஆனால் விலை உண்டு: வானம், சுவர் போன்ற வெறுமையான பகுதிகளில் லேசான திட்டுகள் கண்ணில் படும். உறுதியும் மறைவும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். படம் விற்கும் நிறுவனம் எந்தத் தட்டைத் தாழ்த்தும் என்று சொல்லத் தேவையில்லை.

வேண்டுமென்றே அழிக்க நினைப்பவருக்கு ஸ்கிரீன்ஷாட்டே தேவையில்லை என்பதும் உண்மை. படத்தில் கொஞ்சம் சத்தத்தைக் கலந்து, இன்னொரு ஏஐ மாடலைக் கொண்டு அந்தச் சத்தத்தைச் சுத்தம் செய்யச் சொன்னால், சத்தத்தோடு முத்திரையும் கழுவப்பட்டுவிடும். இந்த வகை மறைமுக வாட்டர்மார்க்குகளை இப்படி நீக்க முடியும் என்பதைக் கணித ரீதியாகவே நிறுவிய ஆய்வு 2023இல் வந்துவிட்டது.

'இல்லை' என்றால் என்ன அர்த்தம்? 'இருக்கு' என்றால்?

வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. ஒரு படத்தைச் சோதித்து, "முத்திரை இல்லை, அதனால ஒரிஜினல்தான்" என்று சான்றிதழ் கொடுப்பது. இது தப்பு. முத்திரை தென்படாததற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம்: உண்மையான புகைப்படம், ஏஐ படம்தான், ஆனால் அடிபட்டு கோட்டுக்குக் கீழே போய்விட்டது, அல்லது வேறொரு நிறுவனத்தின், அல்லது முத்திரையே குத்தாத மாடலின் படம். சின்த்ஐடி கருவியிடம் இருப்பது சின்த்ஐடிக்கான சாவி மட்டும்தான். வேறு மாடலின் படத்தைக் கொடுத்தால் அதற்கு எதுவும் தெரியாது.

'முத்திரை இருக்கு' என்ற பதில் வலுவானது. ஆனால் அதையும் கவனமாகப் படிக்க வேண்டும். ஜெமினியில் புதிதாக உருவாக்கிய படத்துக்கு மட்டுமில்லை, அதில் கொடுத்துத் திருத்திய படத்துக்கும் சின்த்ஐடி விழும். சாலை விபத்து ஒன்றின் உண்மைப் புகைப்படத்தை யாரோ "கொஞ்சம் தெளிவாக்கு" என்று சொல்லி வாங்கிப் பகிர்ந்திருந்தால், சோதனையில் முத்திரை தென்படும். விபத்து நடந்தது நிஜம். படம் ஏஐ வழியாக வந்ததும் நிஜம். இதையே தலைகீழாகப் பயன்படுத்தி, தனக்கு எதிரான உண்மைப் படத்தை ஒருமுறை ஏஐ கருவிக்குள் ஓட்டிவிட்டு, "பாருங்க, முத்திரை இருக்கு, போலிப் படம்" என்று ஒருவர் பரப்பவும் முடியும். முத்திரை சொல்வது படத்தின் பாதையை மட்டுமே. காட்சியின் உண்மையை அல்ல.

சோதிக்கும்போது எது உதவும்? புள்ளிகளின் எண்ணிக்கைதான் பலம் என்பதால், கிடைப்பதிலேயே பெரிய, வெட்டப்படாத நகலைத் தேடுங்கள். அனுப்பியவரிடம் கேட்க முடியுமென்றால், படமாக அல்லாமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்காது. ஒரே படத்தின் பல நகல்கள் சுற்றினால் முதலில் வந்ததைச் சோதியுங்கள். ஒன்றில் தென்படாதது இன்னொன்றில் தென்படலாம். சோதனைக்கு அனுப்புவதற்காக நீங்களே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுப்பது, இருக்கும் கொஞ்சநஞ்ச முத்திரையையும் மெலியவைக்கும். ஜெமினி பதில் சொல்லும்போது அது 'சின்த்ஐடி தென்பட்டது' என்கிறதா, அல்லது "விரல்கள் விசித்திரமாக இருக்கின்றன" என்பது போலப் படத்தைப் பார்த்து ஊகிக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் சொன்ன கணக்கெல்லாம் முதல் வகைப் பதிலுக்கு மட்டும்தான் பொருந்தும்.